ரியாத்துக்கு வீட்டு டிரைவர் வேலை: ஃபுஸ்ஹாங்குத இலக்கண அரபி முதல்லயா, பேச்சு அரபி முதல்லயா?

ஆலங்குளத்தான்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ரியாத்துல ஒரு வீட்டுக்கு டிரைவர் விசா. புறப்பட மூணு மாசம் இருக்கு, தினமும் ராத்திரி ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியும். அரபி எழுத்து ஒண்ணு கூட தெரியாது. பாளையங்கோட்டையில பாடம் எடுக்கவர் ஒருத்தர், "ஆறு மாசம் ஃபுஸ்ஹா இலக்கணம் முடி, பேச்சு தானா வரும்"ங்காரு. ஊர்ல சவூதி போய்ட்டு வந்தவங்க, "போ, வா, இல்ல, முடிஞ்சிதுக்கு ரூஹ், தஆல், மாஃபி, கலாஸ் நாலும் தெரிஞ்சா வண்டி ஓடிரும்"ங்காங்க. மூணு மாசத்துக்குள்ள எதைப் பிடிக்க?

பேட்டை ரவுண்டானா:
ரெண்டுமே வேண்டாம் தம்பி. இந்தி படி. கேம்ப்ல, ஒர்க்‌ஷாப்ல, கடையில எல்லாம் இந்தியும் மலையாளமும்தான். அரபி எழுத்து படிச்சி என்ன கலெக்டர் ஆபீஸ்லயா உக்காரப் போற? போர்டுல எல்லாம் இங்கிலீஷ் இருக்கு. நாலு வார்த்தை காதுல விழுந்து தானா ஒட்டிக்கிடும்.

மக்ரஜ் ஒன்பது:
கம்பெனி வேலைக்கு, அதுலயும் துபாய்க்குப் போறவருக்கு பேட்டைக்காரர் சொல்லுதது சரி. ஃபோர்மேன் மலையாளி, கூட வேலை பாக்கவங்க நேபாளி, பங்களாதேஷி. அரபிக்கு அங்க வேலை கம்மி. ஆனா வீட்டு டிரைவர் கதை வேற. வண்டியில பின்னாடி உக்காருதது வீட்டம்மா, பாட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. பாட்டிக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. வளைகுடாவுல ஒரு தமிழன் அரபிக்காரங்க நடுவுல நாள் முழுக்க இருக்க வேலைன்னா அது வீட்டு டிரைவரும் வீட்டுப் பணிப்பெண்ணும்தான்.

கேள்வியையே கொஞ்சம் பிரிச்சிப் பாக்கணும். "ஃபுஸ்ஹா"ன்னு சொல்லும்போது எழுத்தையும் அதுக்குள்ள சேத்துப் பொட்டலம் கட்டிருதாங்க. எழுத்து வேற, ஃபுஸ்ஹா வேற. வீட்டம்மா வாட்ஸ்அப்ல அனுப்புத மெசேஜ் அரபி எழுத்துலதான் இருக்கும், ஆனா பாஷை பேச்சு அரபி. "எங்க இருக்க"ன்னு கேக்க ஃபுஸ்ஹாவுல "அய்ன அன்த". மெசேஜ்ல வாரது "வேனக்". அதனால எழுத்து முதல்ல, அதுக்கு மேல ரியாத் பேச்சு, ஃபுஸ்ஹாவுல இருந்து காகிதத்துல கண்ணுக்குத் தெரிய வேண்டிய சில வார்த்தைங்க மட்டும் கடைசியில. இதுதான் என் வரிசை.

நாள் கணக்கா சொன்னா, முதல் மூணு வாரம் எழுத்து மட்டும். மொத்தம் 28 எழுத்து, அதுல ஆறு எழுத்து இடது பக்கத்து எழுத்தோட சேராது. அந்த ஆறையும் முதல் வாரத்துலயே பிடிச்சிட்டா, வார்த்தை எங்க உடையுது எங்க சேருதுங்க குழப்பம் பாதி போயிரும். அடுத்த ஏழு வாரம் பேச்சு. கடைசி ரெண்டு வாரம் காகித வார்த்தை.

ரியாத்துல நாக்குல நிக்க வேண்டியது: "வெஷ்" என்ன, "வேன்" எங்க (நம்ம வேன் இல்ல), "லேஷ்" ஏன், "அல்ஹீன்" இப்ப, "அப்கா" எனக்கு வேணும். இதே அஞ்சும் ஜித்தாவுல "ஏஷ்", "ஃபேன்", "லேஷ்", "தஹீன்", "அப்கா"ன்னு ஆகிரும். துபாய்ல "வெஷ்"ஷுக்கு "ஷூ", குவைத்துல "ஷினு". ஃபுஸ்ஹா வகுப்புல சொல்லித்தாரது "மாதா, அய்ன, லிமாதா, அல்ஆன், உரீது". அதுல ஒண்ணு கூட அந்த வீட்டுக்குள்ள யாரும் பேசிக் கேக்க மாட்டீங்க. நீங்க "உரீது"ன்னா அவங்களுக்குப் புரியும். ஆனா அவங்க "வெஷ் திப்கா"ன்னா உங்களுக்குப் புரியாது. பிரச்சினை அந்தப் பக்கம்தான்.

கடையநல்லூர் காக்கா:
தம்பி எழுத்துக்கு ஏன் காசு கொடுத்து கோர்ஸ்? காயிதா புத்தகம் ஒண்ணு வாங்கி, பக்கத்துல மதரஸா ஹஜ்ரத் யார்ட்டயாவது கேட்டா மனசார சொல்லித்தருவாங்க. மக்ரஜோட வரும், உச்சரிப்பு சுத்தமா அமையும். எங்க ஊர்ப் பிள்ளைங்க ஏழு வயசுல குர்ஆன் முடிச்சிருதாங்க. அதுக்கப்புறம் அரபி என்ன கஷ்டம்? தஜ்வீத் சரியா இருந்தா அரபிக்காரனே அசந்துருவான்.

மக்ரஜ் ஒன்பது:
எழுத்துக்கு காயிதா நல்ல வழி காக்கா, அதுல சந்தேகமே இல்ல. ஐன், ஹா, ஸாத் எல்லாம் தொண்டையிலயும் நாக்குலயும் எங்க பிறக்குதுன்னு அவங்க சொல்லித்தார மாதிரி வேற யாரும் சொல்லித்தர மாட்டாங்க. ஆனா தம்பி ஓதப் போகல, வண்டி ஓட்டப் போறாரு. குர்ஆன் ஓதத் தெரிஞ்ச நம்ம பிள்ளைங்களே ரியாத்துல இறங்கினதும் தடுமாறுத இடம் மூணு இருக்கு.

முஸ்ஹஃப்ல, அதாவது ஓதுத குர்ஆன்ல, ஸபர், ஸேர், பேஷ்னு உயிர்க்குறி எல்லாம் போட்டிருக்கும். மெசேஜ்லயும் கடை போர்டுலயும் அது கிடையாது, மெய்யெழுத்தும் நெடிலும் மட்டும் நிக்கும். வார்த்தை ஏற்கெனவே காதுக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் வாசிக்க முடியும். அதனாலதான் எழுத்து முடிச்ச கையோட பேச்சுக்குப் போகச் சொல்லுதேன்.

அடுத்தது ق எழுத்தான காஃப். ஓதும்போது தொண்டை அடியில இருந்து வார காஃப், ரியாத் பேச்சுல நம்ம "கங்கை"யில ரெண்டாவது வார "க" மாதிரி வரும். "கால" (சொன்னான்) அங்க "gaal". தமிழ்ல எழுதினா வித்தியாசமே தெரியாததால இங்கிலீஷ் எழுத்துல போட்டேன். காபியும் அப்படித்தான், "gahwa". எழுத்து மாறாது, வாய்தான் மாறும். இதை முதல் நாளே தெரிஞ்சிக்கிட்டா பாதி வார்த்தை பழக்கமானதா ஆயிரும்.

மூணாவது வார்த்தைக் கடைசி. "கிதாபுன், கிதாபின்"ன்னு முடியுத "உன், இன்" எதுவும் பேச்சுல இல்ல. "கிதாப்", அவ்வளவுதான்.

வள்ளியூர் சிஸ்டர்:
குறுக்க வாரதுக்கு மன்னிக்கணும். எனக்கு சவூதி அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை, ப்ரோமெட்ரிக் பரீட்சை முடிச்சாச்சு. எனக்கும் எழுத்துல இருந்துதான் தொடங்கணுமா? சார்ட் எல்லாம் இங்கிலீஷ்னு சொல்லுதாங்க.

மக்ரஜ் ஒன்பது:
உங்களுக்கு வரிசை தலைகீழ் சிஸ்டர். சார்ட், மருந்து, ஹேண்டோவர் எல்லாம் இங்கிலீஷ். அரபி தேவைப்படுதது நோயாளி பக்கத்துல நிக்கும்போது மட்டும், அதுலயும் வயசானவங்ககிட்ட. அதனால காதும் வாயும் முதல்ல. "வேன் அல்அலம்" (வலி எங்க) எந்த ஊர் அரபிக்காரங்களுக்கும் புரியும். இந்த "அலம்" ஐன் இல்லாத எழுத்துல தொடங்குது. ஐன் போட்டுச் சொன்னா கொடின்னு அர்த்தம். பொம்பளைகிட்டப் பேசும்போது "தஆல்" இல்ல "தஆலி", "நாம்" இல்ல "நாமி". ஏவல்ல அந்த "இ" விட்டுப் போனா புரியாம போகாது, ஆனா பாட்டிமாருக்கு முகம் சுளிக்கும். எழுத்தை அங்க போய்ப் பொறுமையா எடுத்துக்கிடலாம். இலக்கங்கள் மட்டும் இப்பவே.

நஹ்வு பிரியன்:
நான் மறுக்கேன். பேச்சு அரபின்னு ஒரு மொழி இல்லை. ஊருக்கு ஊர் மாறும் பேச்சுகள்தான் இருக்கு. இன்னைக்கு ரியாத் பேச்சு படிச்சவர் ரெண்டு வருஷம் கழிச்சி கத்தாருக்கோ ஓமனுக்கோ போனா? வீட்டு முதலாளி சவூதிக்காரரா இருக்கலாம். பள்ளிக்கூட வாட்ச்மேன் சூடானி, மெக்கானிக் யமனி, மருந்துக்கடைக்காரர் மிஸ்ரி, அதாவது எகிப்துக்காரர். மிஸ்ரி "வேன்" சொல்ல மாட்டார், "ஃபேன்"பார். "அல்ஹீன்" சொல்ல மாட்டார், "தில்வஅத்தி"ன்பார். இத்தனை பேரையும் சேர்க்கிற ஒரே பாலம் ஃபுஸ்ஹா. நஹ்வு, ஸர்ஃப்னு வாக்கிய இலக்கணமும் சொல் இலக்கணமும் ஒரு வருஷம் ஒழுங்கா படிச்சவருக்கு எந்தப் பேச்சும் பிறகு சீக்கிரம் பிடிபடும், ஏன்னா வேர்ச்சொல் எல்லாம் கையில இருக்கும். இன்னொன்று: சவூதி தொழிலாளர் சட்டம் 9ஆம் பிரிவு, ஒப்பந்தத்துல அரபி வாசகம்தான் செல்லும்னு சொல்லுது. பேச்சு அரபி படிச்சவர் அதை எப்படி வாசிப்பார்?

மக்ரஜ் ஒன்பது:
ஒரு வருஷம் கிடைச்சா உங்க வழிதான் உறுதி, அதை மறுக்கல. ஆபீஸ் வேலை, அரசு ஆபீஸ்ல காகித வேலை முடிக்குத மந்தூப் வேலை, மொழிபெயர்ப்புன்னு போறவங்க வேற வழி தேடவே கூடாது. தம்பிக்கு இருக்கது மூணு மாசம். அதுல நஹ்வு தொடங்கினா, புறப்படுத அன்னைக்கு வேற்றுமை முடிவுகள்ல நிப்பாரு. பேச்சுல இல்லாத பொருள் அது.

சட்டத்தைப் பத்தி ஒரு திருத்தம். 9ஆம் பிரிவு நீங்க சொன்னதுதான். ஆனா அந்தச் சட்டம் வீட்டு வேலைக்காரங்களுக்குப் பொருந்தாது, வீட்டு டிரைவரும் அதுலதான் வாராரு. அவங்களுக்குத் தனி ஒழுங்குவிதி, ஒப்பந்தம் சவூதி அரசோட முஸானத் தளம் வழியா. அப்படி இருந்தும் அங்க ஒரு தகராறுன்னா அதிகாரி எடுத்து வாசிக்கது அரபிப் பக்கத்தைத்தான். அதனால உங்க கவலை நியாயம், மருந்துதான் அளவு கூடிப் போச்சு. ஒப்பந்தத்தை இலக்கணமா வாசிக்க வேண்டியதில்ல. கையெழுத்து கேக்குத காகிதத்துல எந்த வார்த்தை இருந்தா பேனாவைக் கீழ வைக்கணும்னு கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்.

அதுல ரெண்டு சோடி மட்டும் சொல்லுதேன். லீவுல ஊருக்கு வரும்போது முதலாளி அப்ஷர்ங்குத அரசு ஆப்ல எடுக்க வேண்டியது போய்த் திரும்புத விசா: خروج وعودة, "குரூஜ் வ அவ்தா". இதுக்குப் பதிலா خروج نهائي, "குரூஜ் நிஹாயி"ன்னு வந்தா அது கடைசி வெளியேற்றம், அந்த விசாவுல திரும்பிப் போக முடியாது. முதல் வார்த்தை ரெண்டுலயும் ஒண்ணு. பாக்க வேண்டியது ரெண்டாவது வார்த்தை. "நிஹாயி" ن எழுத்துல தொடங்கும், "வ அவ்தா" و எழுத்துல தொடங்கும். மூணு வாரம் எழுத்து படிச்சவருக்கு இது ஒரு நொடி வேலை.

இன்னொண்ணு சம்பளம் வாங்கும்போது நீட்டுத காகிதம். "இஸ்திலாம் ராத்திப்"ன்னா சம்பளம் பெற்றதுக்கு ரசீது. "முகாலஸா"ன்னு தலைப்புல இருந்தா எல்லாக் கணக்கும் தீர்ந்துச்சுன்னு எழுதிக் கொடுக்குத காகிதம். பாக்கி இருக்கும்போது அதுல கையெழுத்து போட்டா பிறகு கேக்க வாய் இருக்காது. "இஸ்திகாலா"ன்னா வேலையை விடுதேன்னு நீங்களே எழுதிக் கொடுத்ததா ஆகும். இந்த மாதிரி முப்பது நாப்பது வார்த்தை, ரெண்டு வாரத்துல முடிச்சிரலாம். உங்க ஃபுஸ்ஹாதான் அது, வார்த்தையா எடுத்துக்கிடுதோம்.

நஹ்வு பிரியன்:
வார்த்தையா பொறுக்கி எடுத்தா, "இன்ன தேதிக்குள் தராவிட்டால்"னு ஒரு நிபந்தனை வாக்கியம் வரும்போது கவிழ்ந்துருவார். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மக்ரஜ் ஒன்பது:
கவிழலாம். ஆனா "முகாலஸா"ன்னு கண்டதும் நிறுத்தி யார்ட்டயாவது வாசிக்கக் கொடுப்பாரு. அந்த நிறுத்தம் போதும்ங்கேன் நான்.

ஆலங்குளத்தான்:
எழுத்து முதல்லன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு சந்தேகம். பேச்சு வார்த்தையெல்லாம் நோட்டுல தமிழ்ல எழுதி வச்சிக்கிட்டா சீக்கிரம் மனப்பாடம் ஆகும்லா? அரபியில எழுதி வாசிக்க நேரம் இழுக்கு.

மக்ரஜ் ஒன்பது:
முதல் மூணு வாரம் வேணும்னா எழுதுங்க. அதுக்கப்புறம் தமிழ் நோட்டை மூடிருங்க. "தீன்"னு தமிழ்ல எழுதினா அது அத்திப்பழமா, களிமண்ணா, மார்க்கமா? அரபியில மூணுக்கும் முதல் எழுத்து வேற வேற. நம்ம வாய்ல த-வும் "தயிர்" "தண்டம்"னு ரெண்டு மாதிரி வரத்தான் செய்யும், எழுத்துல மட்டும் காட்ட வழியில்ல. அதனால பழுது வாயில இல்ல, நோட்டுல. ஆறு மாசம் கழிச்சி அந்த நோட்டை நீங்களே தப்பா வாசிப்பீங்க.

நமக்கு ஒரு சாதகமும் இருக்கு. நெடில் குறில், ஒத்தெழுத்து ரெண்டும் தமிழ்லயே இருக்கதால, "ஹமாம்" புறா, "ஹம்மாம்" குளியலறைங்கது நம்ம ஆளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

எழுத்துப் பயிற்சிக்கு சவூதி வண்டி நம்பர் பிளேட் படங்களை எடுத்துக்கிடுங்க. மூணு எழுத்து, நாலு வரைக்கும் இலக்கம், அரபியும் இங்கிலீஷும் சேத்து இருக்கும். பிளேட்டுல வாரது 17 எழுத்து மட்டும்தான். கவனம்: அதுல இங்கிலீஷ் எழுத்தை வச்சி சத்தத்தை முடிவு பண்ணாதீங்க. ஹா எழுத்துக்கு J போட்டிருக்கும், மீம் எழுத்துக்கு Z. போன்ல ஒருத்தர் வண்டி நம்பர் கேட்டா அரபி எழுத்துப் பேரைச் சொல்லணும். இலக்கத்துல அஞ்சு சின்ன வட்டமா இருக்கும், நம்ம பூஜ்யம்னு நினைப்பீங்க. பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு நம்ம 7 மாதிரி.

பேட்டை ரவுண்டானா:
சரி எழுத்தை விடுவோம். ஆனா பேச்சுல "அனா ரூஹ், இன்த ரூஹ், மாஃபி மாலூம்"தான் எல்லாரும் பேசுதது. சவூதிக்காரனே நம்மகிட்ட அப்படித்தான் பேசுதான். வினை விகாரம் எல்லாம் எதுக்கு?

மக்ரஜ் ஒன்பது:
உண்மை, அவங்களே அப்படித்தான் இறங்கி வந்து பேசுவாங்க. கடையில சாமான் வாங்க அது தாராளம். எங்க உடையுதுன்னா, நடந்ததையும் நடக்கப் போறதையும் சொல்லும்போதும், யார் யாரைன்னு சொல்லும்போதும்.

வண்டி உரசிருச்சுன்னு வச்சிக்கிடுங்க. விபத்தைப் பாக்க வார நஜ்ம் ஆள் வந்து "வெஷ் ஸார்"ன்னு கேக்கான், என்ன ஆச்சுன்னு. பின்னாடி வந்தவன் இடிச்சிருக்கான். "அனா ஸதம் ஹுவ"ன்னு சொன்னா நான் அவனை இடிச்சேன்னு எடுத்துக்கிடுவான். சொல்ல வேண்டியது "ஸதம்னி மின் வரா", என்னைப் பின்னாடி இருந்து இடிச்சான். "னி" வந்தா அடி வாங்கினது நான். "ஸதம்த்"ன்னு "த்" வந்தா இடிச்சது நான். ஒரே ஒரு கடைசி எழுத்து, தப்பு யார் மேலன்னு மாறிரும்.

அதனால வினைச்சொல்லை இப்படிப் படிங்க தம்பி. டிரைவர் காதுல விழுதது ஏவல், வாயில வர வேண்டியது "செய்யுதேன்", "செஞ்சேன்". மூணையும் ஒரு கட்டா எடுங்க. "ஜீப்" (கொண்டா), "அஜீப்" (கொண்டாறேன்), "ஜிப்த்" (கொண்டாந்தேன்). "ரூஹ்", "அரூஹ்", "ரிஹ்த்". "வக்கிஃப்" (நிறுத்து), "அவக்கிஃப்", "வக்கஃப்த்". "வத்தி" (கொண்டுபோய் விடு), "அவத்தி", "வத்தேத்". முன்னாடி "அ" வந்தா நான் செய்யுதது, கடைசியில "த்" வந்தா நான் செஞ்சது. இனிமேலுக்கு "ராஹ்" முன்னாடி போட்டா போதும்: "ராஹ் அஜீப்". இப்படி இருபத்தஞ்சு வினை. வாரத்துக்கு நாலு வீதம் எடுத்தா ஏழு வாரத்துக்குச் சரியா வரும்.

இது இல்லாட்டா என்ன நடக்கும்னா, வீட்டம்மா "ரூஹ்"ம்பாங்க, நம்ம ஆளும் "ரூஹ், ரூஹ்"ன்னு திருப்பிச் சொல்லுவான். அவங்க காதுக்கு அது "நீ போ, நீ போ". "அப்ஷிரி"ன்னு ஒரு வார்த்தை போதும், ஆம்பளைக்கு "அப்ஷிர்". ஆகட்டும்னு அர்த்தம், சவூதி வீட்டுல இதுக்கு இருக்க மரியாதை "ஓகே"வுக்குக் கிடையாது.

வள்ளியூர் சிஸ்டர்:
மணி சொல்லுததுல ஏதும் சிக்கல் உண்டா? டியூட்டி நேரம் தப்பா கேட்டுறக் கூடாதுன்னு பயம்.

மக்ரஜ் ஒன்பது:
உண்டு, டிரைவருக்கு இதுதான் முதல் மாசத்துலயே வாரது. "ஸமானியா இல்லா ருபு"ன்னா எட்டேகால் இல்ல, ஏழே முக்கால். எட்டு, அதுல கால் இல்ல. அந்த "இல்லா"வை நம்ம "இல்ல"ன்னே வச்சிக்கிட்டா மறக்காது. "ஸப்ஆ வ நுஸ் இல்லா கம்ஸ்"ன்னா ஏழரை, அஞ்சு இல்ல, ஆக 7:25. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற நேரத்தை எட்டேகால் ஏழே முக்கால்னு மாத்திக் கேட்டா அரை மணி நேரம் வாசல்ல நிக்கும் பிள்ளை.

இலக்கமும் அப்படித்தான், இருபத்தஞ்சை "கம்ஸ வ இஷ்ரீன்"ம்பாங்க, அஞ்சும் இருபதும். காதுல விழுந்த வரிசையில எழுதினா 52 ஆகிரும். வீட்டு நம்பர், ரோட்டுல மக்ரஜ்ங்குத எக்ஸிட் நம்பர் வாங்கும்போது முழுசா கேட்டு முடிச்சிட்டு எழுதணும். நிறைய வீட்டுல மணியே சொல்ல மாட்டாங்க. "பஅத் அல்அஸ்ர்", அஸ்ர் தொழுகைக்கு அப்புறம்னு சொல்லுவாங்க. அந்த நேரம் மாசத்துக்கு மாசம் நகரும், அன்னைக்குத் தொழுகை நேரம் போன்ல இருக்கணும்.

கடையநல்லூர் காக்கா:
இது நல்ல விசயம். தம்பி, காயிதா வேணும்னா என்கிட்ட ரெண்டு பிரதி இருக்கு, தென்காசி பக்கம் வந்தா வாங்கிக்கிடுங்க.

ஆலங்குளத்தான்:
வாரேன் காக்கா. இன்னைக்கு ஏஜென்ட் போன் போட்டு, முதலாளி வீடு ரியாத் இல்ல, அல்கஸீம் பக்கம் புரைதாங்காரு. இப்ப நான் படிச்சதெல்லாம் மாத்தணுமா?

மக்ரஜ் ஒன்பது:
மாத்த வேண்டாம். வெஷ், வேன், அல்ஹீன், அப்கா எல்லாம் அங்கயும் அதேதான். புதுசா காதுல விழப் போறது ஒண்ணு: கஸீம்ல பழைய ஆளுங்க சில வார்த்தையில காஃபை, முன்ன சொன்ன ق இல்ல, ك எழுத்தை, "ts" மாதிரி உச்சரிப்பாங்க. முக்கியமா பொம்பளைகிட்டப் பேசும்போது "உன்"னுக்கு வார கடைசி "க்" அங்க "ts" ஆகும். "ஹாலிக்" அங்க "ஹாலிts". இளசுகள்ட்ட இது குறைவு. நீங்க அப்படிப் பேச வேண்டாம், கேட்டா புரிஞ்சா போதும். பேச்சுக்கு ஒதுக்கின ஏழு வாரத்துல கஸீம் பெரியவங்க பேசுத வீடியோ தினம் பத்து நிமிசம் சேத்துக்கிடுங்க.

நஹ்வு பிரியன்:
ஃபுஸ்ஹா காஃப் தெரிஞ்சவருக்குத்தான் அந்த "ts" எங்கிருந்து வந்ததுன்னு புரியும்னு மட்டும் சொல்லி வைக்கேன்.

பேட்டை ரவுண்டானா:
புரைதாவுல இந்தி?

மக்ரஜ் ஒன்பது:
கடைத்தெருவுல உண்டு அண்ணாச்சி. வீட்டுக்குள்ள எதிர்பார்க்காதீங்க.